ரோலிங் ரிசர்வும் செட்டில்மென்ட் நாள்களும்: சொந்த இணையதளத்தில் விற்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

சென்னிமலையில் படுக்கை விரிப்பு விற்கும் ஒரு பெண்மணி, சொந்த இணையதளம் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, எழுபதாயிரத்துக்கு விற்றிருக்கிறேன். வங்கியில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கிறது. மீதியை எங்கே கேட்பது?" என்றார். பணம் எங்கும் போய்விடவில்லை. பெரும்பகுதி ரோலிங் ரிசர்வில் இருந்தது. இணையத்தில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அந்த வரியை அவர் கவனித்திருக்கவில்லை.

புதிதாக விற்க வருபவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அவர்களில் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். லாபம் வருகிறது, ஆனால் நூல் வாங்கவும் தறிக்காரருக்குக் கூலி கொடுக்கவும் கையில் காசு இல்லை. இந்த நிலை ஏன் வருகிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது என்பதை அந்தப் பெண்மணியின் கடையை வைத்தே சொல்கிறேன்.

## 1. மூன்று தாமதங்களைப் பிரித்தறிதல்

பணம் வரவில்லை என்றால் முதலில் எந்தத் தாமதம் என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

முதலாவது செட்டில்மென்ட் தாமதம். வாடிக்கையாளர் கொடுத்த பணம் கேட்வே நிறுவனத்தின் வழியாக உங்கள் வங்கிக்கு வந்து சேர ஆகும் நாள்கள் இவை. எல்லா விற்பனையாளருக்கும் உண்டு.

இரண்டாவது ரோலிங் ரிசர்வ். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைப் பிடித்து, குறிப்பிட்ட நாள்கள் வைத்திருந்து, பிறகு விடுவிப்பார்கள். ஒவ்வொரு நாளின் பிடித்தத்துக்கும் தனித் தவணை உண்டு. இன்று பிடித்தது 90 நாள் கழித்து வரும், நாளை பிடிப்பது அதற்கு மறுநாள் வரும். உருண்டுகொண்டே இருப்பதால்தான் அந்தப் பெயர். கணக்கு தொடங்கும்போதே மொத்தமாக ஒரு வைப்புத் தொகை கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அது வேறு ஏற்பாடு.

மூன்றாவது கணக்கு முடக்கம். ஆவணம் சரியில்லை, விற்பனை சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று மொத்தப் பணத்தையும் நிறுத்தி வைப்பது. இதில் காத்திருந்து பயனில்லை. அவர்கள் கேட்கும் ஆவணத்தை அன்றே கொடுத்தால்தான் நகரும்.

நிறுவனம் ஏன் ரிசர்வ் பிடிக்கிறது என்பது புரிந்தால் மற்றவை எளிது. அட்டை வழியாகப் பணம் கட்டியவர், பொருள் வரவில்லை என்று தன் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான காரணங்களுக்கு இந்த அவகாசம் 120 நாள் வரை போகிறது. அதற்குள் நீங்கள் கடையை மூடிவிட்டால் அந்தப் பணத்தை நிறுவனம்தான் கட்ட வேண்டும். பழைய வரலாறு இல்லாத புது விற்பனையாளரை அவர்கள் எடைபோட வழியில்லை. அதனால் உங்கள் பணத்தில் ஒரு பங்கையே ஈடாக வைத்துக்கொள்கிறார்கள்.

## 2. கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் சான்று, இந்த மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பான் உங்கள் பெயரிலும் வங்கிக் கணக்கு கடைப் பெயரிலும் இருந்தால், விற்பனை நடக்கும், முதல் செட்டில்மென்ட் மட்டும் நிற்கும். இதைச் சரிசெய்ய ஆகும் நாள்களில் விற்பனையை நிறுத்தவும் முடியாது.

பிறகு கேள்விகள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் விற்பனைப் பிரதிநிதி சொல்வது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை.

1. எத்தனை விழுக்காடு, எத்தனை நாள்?
2. எந்தத் தொகையின் மேல்? பெரும்பாலும் ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்த முழுத் தொகையின் மேல்தான்.
3. அட்டைக்கு மட்டுமா, யு.பி.ஐ.க்கும் சேர்த்தா? சார்ஜ்பேக் அச்சம் அட்டையில்தான் அதிகம் என்பதால் இதில் பேரம் பேச இடமுண்டு.
4. நாள் எண்ணிக்கை பணம் கட்டிய நாளிலிருந்தா, செட்டில்மென்ட் ஆன நாளிலிருந்தா? விடுவிப்பது தினமுமா, வாரம் அல்லது மாதம் ஒரு முறையா?
5. விழுக்காட்டை அவர்களாகவே உயர்த்த முடியுமா? முடியுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு?

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. 90 நாள் என்று எழுதியிருந்து, மாதம் ஒரு முறை விடுவித்தால், சில விற்பனைகளின் பணம் 120-ஆம் நாளை ஒட்டித்தான் கைக்கு வரும்.

விண்ணப்பத்தில் மாத விற்பனை மதிப்பீட்டை எழுதும்போதும் கவனம் தேவை. ஒரு லட்சம் என்று எழுதிவிட்டு முதல் மாதமே ஐந்து லட்சம் விற்றால், உங்களுக்கு அது மகிழ்ச்சி, இடர் கண்காணிக்கும் பிரிவுக்கு அது எச்சரிக்கை மணி. பண்டிகை மாத விற்பனையையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, சோதனைக்காக உங்கள் சொந்த அட்டையில் பெரிய தொகை கட்டிப் பார்க்காதீர்கள். அட்டையிலிருந்து ரொக்கம் எடுக்கும் தந்திரமாகவே அதைக் கருதுவார்கள். சோதனைக்குப் பத்து ரூபாய் போதும்.

## 3. செட்டில்மென்ட் நாளை எண்ணுதல்

திரையில் `T+3` என்று இருந்தால், பணம் பிடிக்கப்பட்ட நாளுக்குப் பிறகு மூன்றாவது வேலைநாள் என்று பொருள். பணம் கட்டிய நாள் கணக்கில் சேராது. விடுமுறையும் சேராது.

நம் கடையின் நிறுவனம் சனி, ஞாயிறு இரண்டையும் வேலைநாளாக எண்ணுவதில்லை. அதனால் திங்கள் விற்றது வியாழனும், செவ்வாய் விற்றது வெள்ளியும் வரும். புதன் விற்றது அடுத்த திங்கள்தான் வரும், வியாழன் விற்றது செவ்வாய். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விற்பனையும் சேர்ந்து அடுத்த புதன்கிழமை ஒரே தொகையாக வந்து விழும். ஏழு நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நான்கு நாள் தாமதம்.

மூன்று நாள் என்று எழுதியிருப்பதை மூன்று நாளாகவே நம்பி, சனிக்கிழமை கூலி நாளுக்குப் புதன்கிழமை விற்பனையைக் கணக்கு வைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை கூலி கொடுப்பவருக்கு அந்த வாரம் பயன்படுவது, முந்தைய வாரப் புதன் தொடங்கி அந்த வாரச் செவ்வாய் வரை விற்ற பணம். இதை நாட்காட்டியில் எழுதி மாட்டிவிடுங்கள். வங்கி விடுமுறை இடையில் வந்தால் மேலும் ஒரு நாள் தள்ளும்.

## 4. ஓர் ஆயிரம் ரூபாயைப் பின்தொடர்தல்

நம் கடையில் ஒரு படுக்கை விரிப்பின் விலை 1,000 ரூபாய். நிறுவனக் கட்டணம் 2 விழுக்காடு, அதாவது 20 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 3 ரூபாய் 60 காசு. ரிசர்வ் 10 விழுக்காடு, 90 நாள். ஆக 100 ரூபாய். வங்கிக்கு வருவது 876 ரூபாய் 40 காசு.

இதில் 23.60 ரூபாய் செலவு, திரும்பாது. 100 ரூபாய் செலவு அல்ல, வர வேண்டிய பாக்கி. இரண்டையும் ஒரே பிடித்தமாக எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பெண்மணியின் 70,000 ரூபாய்க்கும் வந்த 61,348 ரூபாய்க்கும் இடையிலான 8,652 ரூபாயில், கட்டணமும் வரியும் 1,652 ரூபாய்தான். 7,000 ரூபாய் அவருடையதே.

இப்போது அடக்க விலையைப் பாருங்கள். விரிப்பு 700 ரூபாய், கூரியரும் பொதிவும் 80 ரூபாய். கட்டணம் போக ஒரு விரிப்பில் லாபம் 196.40 ரூபாய். அதில் 100 ரூபாய் ரிசர்வில் இருக்கிறது. கையில் மிஞ்சுவது 96.40 ரூபாய். லாப விகிதம் குறைவான தொழிலில் ரிசர்வ் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது இங்கே தெரிகிறது. விற்பனையில் 10 விழுக்காடு என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுகிறது, லாபத்தில் அது பாதிக்கு மேல். பொருளின் மீது 8 விழுக்காடு லாபம் மட்டுமே வைத்து விற்பவருக்கு, முதல் மூன்று மாதம் ஒவ்வொரு விற்பனையும் கைப்பணத்தைக் குறைக்கும்.

## 5. ரிசர்வ் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிடுதல்

கணக்கு எளிது. சராசரி நாள் விற்பனை, பெருக்கல் ரிசர்வ் விழுக்காடு, பெருக்கல் நாள்கள்.

நாளுக்குப் பத்து விரிப்பு, 10,000 ரூபாய் விற்பனை. ரிசர்வுக்கு நாளுக்கு 1,000 ரூபாய். 90 நாளில் 90,000 ரூபாய் சேரும். அதன்பிறகு தினமும் 1,000 ரூபாய் உள்ளே போகும், 1,000 ரூபாய் வெளியே வரும். இருப்பு 90,000 ரூபாயிலேயே நிற்கும்.

முதல் 90 நாள்தான் மேடேறும் காலம். இந்த மூன்று மாதத்தில் ரிசர்விலிருந்து ஒரு காசும் வராது. ஆகவே கடை தொடங்கும்போது சரக்கு, இணையதளம், விளம்பரம் ஆகியவற்றுக்கான முதலோடு இந்த 90,000 ரூபாயையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். செட்டில்மென்ட் தாமதத்தில் எப்போதும் வழியில் இருக்கும் நான்கு நாள் பணம், சுமார் 35,000 ரூபாய், இதற்கு மேல். நாளுக்குப் பத்தாயிரம் விற்கும் சின்னக் கடைக்கே ஒன்றேகால் லட்சம் கண்ணுக்குத் தெரியாத முதலீடு என்று சொல்லும்போது பலர் முகம் மாறிவிடுகிறது. தொடங்கும் முன்பே முகம் மாறுவது நல்லது. வட்டிக்கு வாங்கிய பிறகு மாறிப் பயனில்லை.

## 6. தீபாவளி விற்பனைக்கு முன் ஒத்திகை

நான் பார்த்தவரை கடைகள் தடுமாறுவது விற்பனை குறையும்போது அல்ல, திடீரென்று கூடும்போது.

அக்டோபர் 1 முதல் 30 நாள், நாளுக்கு 10 விரிப்பு 40 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வுக்குப் போவது நாளுக்கு 4,000 ரூபாய். ஆனால் விடுவிக்கப்படுவது 90 நாளுக்கு முன் ஜூலையில் விற்றதன் ரிசர்வ், வெறும் 1,000 ரூபாய். தினமும் 3,000 ரூபாய் கூடுதலாக உள்ளே தங்குகிறது. மாத இறுதியில் இருப்பு 90,000 ரூபாயிலிருந்து 1,80,000 ரூபாயாகிவிடும்.

அதைவிடக் கடுமையானது முதல் நான்கு நாள். 40 விரிப்புக்கான அடக்கச் செலவு நாளுக்கு 31,200 ரூபாய். வங்கிக்கு வருவதோ செப்டம்பர் இறுதியில் விற்ற பத்து விரிப்பின் 8,764 ரூபாயும், பழைய ரிசர்வ் 1,000 ரூபாயும். நாளுக்கு 21,436 ரூபாய் பற்றாக்குறை. நான்கு நாளில் சுமார் 86,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்.

ஐந்தாம் நாளிலிருந்து 40 விரிப்பின் பணம் 35,056 ரூபாயும் ரிசர்வ் 1,000 ரூபாயும் வரத் தொடங்கும். செலவு போக நாளுக்கு 4,856 ரூபாய் மிஞ்சும். முதலில் போட்ட 86,000 ரூபாய் திரும்ப இன்னும் 18 நாள் ஆகும். அதாவது பண்டிகை விற்பனையின் முதல் மூன்று வாரமும், நல்ல லாபத்தில் விற்றுக்கொண்டே, பணமுடையில் இருப்பீர்கள். இதுவும் சரக்குக்கு அன்றன்றே காசு கொடுத்தால் வரும் கணக்கு. தறிக்காரருக்கு ஒரு மாதம் முன்பே நூல் முன்பணம் கொடுப்பவருக்குத் தேவை இன்னும் பெரிது.

அக்டோபர் ரிசர்வ் எப்போது வரும்? அக்டோபர் 1-இன் பிடித்தம் டிசம்பர் 30-ஆம் தேதி, அக்டோபர் 30-இன் பிடித்தம் ஜனவரி 28-ஆம் தேதி. பொங்கல் சரக்குக்கு டிசம்பர் நடுவிலேயே பணம் கட்டியாக வேண்டும். தீபாவளி ரிசர்வை நம்பிப் பொங்கல் சரக்குக்குச் சொல்லி வைக்கும் தவறைப் பெண்மணியும் செய்யவிருந்தார். தேதியை எழுதிப் பார்த்த பிறகுதான் பாதிச் சரக்கு போதும் என்று முடிவெடுத்தார்.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து விற்பனை எவ்வளவு கூடும், சரக்கு கையிருப்பு எவ்வளவு, எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்று எழுதி, சரக்கு வாங்கிய பில்களையும் இணையுங்கள். திடீர் உயர்வால் கணக்கு முடக்கப்படும் அபாயத்தைக் குறைக்க நான் அறிந்த நல்ல வழி இது.

## 7. பணத்தைத் திருப்பித் தரும்போது

20-ஆம் நாள் ஒருவர் விரிப்பைத் திருப்பி அனுப்புகிறார். அவருக்கு முழு 1,000 ரூபாய் போக வேண்டும். அந்தத் தொகை அன்றைய செட்டில்மென்ட்டிலிருந்து கழியும். உங்களுக்கு அந்த விற்பனையில் வந்ததோ 876.40 ரூபாய்தான். கட்டணம் 23.60 ரூபாய் பொதுவாகத் திரும்புவதில்லை. ரிசர்வ் 100 ரூபாய், பல ஒப்பந்தங்களில், விற்பனை ரத்தான பிறகும் 90-ஆம் நாள் வரை அங்கேயே இருக்கும்.

ரிசர்வ் இருக்கிறதே, அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். ரிசர்வைத் தொடுவது கடைசியில்தான். அன்றைய விற்பனைப் பணம் போதாவிட்டால் உங்கள் இருப்பு எதிர்மறையாகும், அப்போதுதான் ரிசர்வ் பக்கம் போவார்கள். குறைந்த ரிசர்வை மீண்டும் நிரப்பச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு.

சார்ஜ்பேக் வந்தால் தொகையோடு அபராதக் கட்டணமும் சேரும். பதில் சொல்லக் குறுகிய கெடுவே தருவார்கள், அதைத் தவறவிட்டால் தோற்றதாகவே பொருள். அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் பில், கூரியர் கண்காணிப்பு எண், பெற்றுக்கொண்டதற்கான சான்று, வாடிக்கையாளருடன் நடந்த உரையாடல் ஆகிய நான்கையும் ஆர்டர் எண் பெயரில் ஒரே கோப்புறையில் வையுங்கள். சில கூரியர் நிறுவனங்களின் தளத்தில் பழைய சான்று நீண்ட நாள் இருக்காது. பொருள் சேர்ந்த அன்றே பதிவிறக்கிவிடுங்கள்.

கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்கு நீங்களே பணத்தைத் திருப்பித் தருவது, அவர் வங்கிக்குப் போவதைவிட எப்போதும் மலிவு. ஆனால் அவர் ஏற்கெனவே வங்கியில் முறையிட்டிருந்தால் தனியாகத் திருப்பித் தராதீர்கள். இரண்டு முறை பணம் போய்விடும். முதலில் சார்ஜ்பேக் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

## 8. வாரம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தல்

செட்டில்மென்ட் அறிக்கையைப் பதிவிறக்கி, ஒவ்வொரு தொகைக்கும் எதிரே உள்ள, அந்த வங்கிப் பரிமாற்றத்தின் அடையாளமான யு.டி.ஆர். எண்ணை வங்கிக் கணக்கு விவரத்தில் தேடுங்கள். தொகையை வைத்துத் தேடினால் குழம்பும். மூன்று நாள் விற்பனை ஒன்றாக வரும் புதன்கிழமைத் தொகையை எந்த ஆர்டரோடும் பொருத்த முடியாது.

ரிசர்வுக்குத் தனி ஏடு போடுங்கள். நான்கு கட்டம் போதும்: விற்பனை நாள், பிடித்த தொகை, வர வேண்டிய நாள், வந்த நாள். மூன்றாவது கட்டத்தை விற்பனை அன்றே நிரப்பிவிடுங்கள். வர வேண்டிய நாள் கடந்து ஒரு வாரமாகியும் நான்காவது கட்டம் காலியாக இருந்தால், அந்தத் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ரிசர்வ் வரவில்லை என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

வங்கிக்கு வந்த தொகையை விற்பனையாக எழுதாதீர்கள். விற்பனை 1,000 ரூபாய். ஜி.எஸ்.டி. அந்தப் பில்லின்படிதான். ரிசர்வில் பணம் இருக்கிறது என்பதற்காக வரி காத்திருக்காது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மறுபுறம், கட்டணத்தின் மேல் பிடித்த 3.60 ரூபாய் வரியை, பதிவு பெற்றவர் விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். அதற்கு நிறுவனத்தின் மாத பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்க வேண்டும்.

## 9. விழுக்காட்டைக் குறைக்கக் கேட்பது

முதல் மாதத்தில் கேட்டுப் பயனில்லை. முதல் சுற்று ரிசர்வ் சிக்கலின்றி விடுவிக்கப்பட்டு, நான்கு முதல் ஆறு மாதம் ஆன பிறகு கேளுங்கள். அவர்கள் பார்ப்பது இரண்டு. நூறு விற்பனைக்கு எத்தனை சார்ஜ்பேக், பணம் வாங்கிய நாளுக்கும் பொருள் சேர்ந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள்.

இரண்டாவதை விற்பனையாளர்கள் கவனிப்பதே இல்லை. முன்பதிவு வாங்கி 25 நாள் தறியில் நெய்து அனுப்பினால், அந்த 25 நாளும் நிறுவனத்தின் தலைமேல் தொங்கும் பணம். கையிருப்பில் உள்ளதை மட்டும் விற்று ஐந்து நாளில் சேர்ப்பிப்பவருக்கு அந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்குதான். பெண்மணி தன் ஆறு மாத ஆர்டர்களுக்கும் சேர்ப்பித்த நாள் பட்டியல் போட்டு அனுப்பினார். நாள் எண்ணிக்கையைக் குறைக்க மறுத்தார்கள், விழுக்காட்டை 10-லிருந்து 5 ஆக்கினார்கள். அந்தக் குறைப்பு புதிய விற்பனைக்கு மட்டும். ஏற்கெனவே பிடித்தது தன் தவணைப்படியே வந்தது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

## 10. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது

கடைசி விற்பனை நாளிலிருந்துதான் கடைசி 90 நாள் ஓடத் தொடங்கும். கணக்கை மூடுவோரின் ரிசர்வை 180 நாள் வரை வைத்திருக்கும் விதியும் சில ஒப்பந்தங்களில் உண்டு. மூடச் சொல்லி எழுதும் முன் அந்தப் பிரிவைப் படியுங்கள். புதிய நிறுவனமும் ரிசர்வ் கேட்டால், பழைய இருப்பு இறங்கும் அதே மூன்று மாதத்தில் புதியது ஏறும். மாற்றத்தைத் தீபாவளிக்கு முன் வைத்துக்கொள்ளாதீர்கள், பொங்கல் முடிந்த பிறகு செய்யுங்கள்.

மாறும் முன் எல்லாச் செட்டில்மென்ட் அறிக்கைகளையும் பதிவிறக்கி வையுங்கள். கணக்கு மூடிய பின் உள்நுழைவு நிறுத்தப்படலாம். இணைத்திருந்த வங்கிக் கணக்கையும் பதிவு செய்த கைப்பேசி எண்ணையும் கடைசி ரிசர்வ் தொகை வந்து சேரும் வரை மூடாமல் வைத்திருங்கள்.